கடைசி ஆண்டு பிஎச்டி: மாத வாரியா காலத்திட்டம் போட்டிருக்கேன், இது நடக்குமா?

செல்வி_தண்டையார்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். பகுதி நேர பிஎச்டி, பொருளியல். பதிவு செஞ்சது ஜூலை 2021, அதனால ஜூலை 2027-ல ஆறு வருஷம் முடியுது. ஒரு கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா வேலை பார்க்கிறேன். அடுத்த டிசி மீட்டிங்குக்கு மாதம் மாதம் என்ன முடிப்பேன்னு எழுதிக் கொண்டு வரச் சொல்லியிருக்கார் கைடு.

ஆய்வு காசிமேட்டுல மீன் விக்கிற பெண்களோட வருமானமும் கடனும் பத்தி. தடைக்காலத்துல ஒரு தடவை, படகு கடலுக்குப் போற காலத்துல ஒரு தடவை, அதே 120 பேரைப் பார்த்துக் கேட்டு ஒப்பிடணும். தடைக்காலச் சுற்று இந்த வாரம் முடிஞ்சிடுச்சு. ரெண்டாவது இயல் கைடு பார்த்துத் திருத்திக் கொடுத்துட்டார். மீதி எல்லாம் இனிமேதான்.

நான் போட்டது இது:

ஜூலை, ஆகஸ்ட்: இரண்டாம் சுற்று, 120 பேர்
செப்டம்பர்: தரவு பகுப்பாய்வு
அக்டோபர்: இயல் 3
நவம்பர்: இயல் 4
டிசம்பர்: இயல் 5
ஜனவரி: இயல் 1, 6
பிப்ரவரி: சினாப்சிஸ்
மார்ச்: தீசிஸ் சமர்ப்பிப்பு

கைடு மீட்டிங் மாதம் ஒண்ணு. தாள்ல பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கேயோ இடிக்குது, எங்கன்னு தெரியல. பார்த்துச் சொல்லுங்க.

---

ராயபுரம்_பாஸ்கர்

நான் தனியார் கம்பெனியில பிராஜெக்ட் பிளானிங் பார்க்கிறேன். உங்க திட்டத்துல தாமதத்துக்கு இடமே விடல. மார்ச்ல முடியும்னு போட்டிருக்கீங்க, கெடு ஜூலை. நடுவுல இருக்கிற நாலு மாசத்தையும் 'தாமத ஒதுக்கீடு'ன்னு கடைசியில எழுதிடுங்க. எக்ஸெல்ல பட்டை பட்டையா வரைஞ்சு கொடுத்தா கமிட்டிக்கும் பிடிக்கும். ஒவ்வொரு வேலைக்கும் 20 சதவீதம் கூட்டிக்கிட்டா போதும், எங்க ஆபீஸ்ல அப்படித்தான் பண்றோம்.

---

எண்ணூர்_குமார்

அக்கா, இதுக்கு ஏன் ஒரு வருஷம்? எங்க எம்.ஏ. பிராஜெக்ட் ஒரே செமஸ்டர்தான். நான் 50 பேர்கிட்ட கூகுள் ஃபார்ம் அனுப்பி ஒரே வாரத்துல வாங்கிட்டேன். நீங்களும் வாட்ஸாப் குரூப்ல அனுப்பிப் பாருங்க. ஃபார்மட் வேணும்னா என்கிட்ட இருக்கு.

---

செல்வி_தண்டையார்பேட்டை

குமார், நன்றி தம்பி. இவங்கள்ல பல பேருக்கு எழுதப் படிக்க வராது. தண்டல் கடன் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கட்டுறாங்கன்னு எல்லாம் பக்கத்துல உட்கார்ந்து பேசினாத்தான் சொல்வாங்க. ஃபார்ம் இங்க சரிப்படாது.

பாஸ்கர் சார், கடைசியில நாலு மாசம் விட்டா போதுமா? அதுவே சரின்னா நிம்மதி.

---

வியாசர்பாடி_ஓய்வு

செல்வி அம்மா, கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆய்வு மாணவர்களை வழிநடத்திய அனுபவம் உண்டு. திட்டத்துக்குள் போவதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும்.

ஒன்று, தடைக்காலச் சுற்றில் ஒருவரிடம் பேச எத்தனை நிமிடம் ஆனது, வாரத்துக்கு எத்தனை பேரை முடித்தீர்கள்?

இரண்டு, அந்த இரண்டாவது இயலைக் கைடிடம் எப்போது கொடுத்தீர்கள், எப்போது திரும்பி வந்தது?

---

செல்வி_தண்டையார்பேட்டை

சார், ஒருத்தருக்கு 40 நிமிஷம். வாரம் 15 பேர்னு எட்டு வாரத்துல முடிஞ்சது. எனக்குக் கல்லூரி விடுமுறை, அவங்களுக்கும் வியாபாரம் குறைவு, அதனால கூப்பிட்டா உட்கார்ந்து பேசினாங்க.

இரண்டாவது இயல் 58 பக்கம். ஜனவரி முதல் வாரம் கொடுத்தேன், மார்ச் கடைசியில கிடைச்சது.

---

வியாசர்பாடி_ஓய்வு

உங்களுக்கு இடிப்பது எங்கே என்று இந்த இரண்டு விடையிலேயே இருக்கிறது.

முதலில் களம். விடுமுறையில், தடைக்காலத்தில் வாரம் 15 பேர் என்பது உண்மைதான். ஜூலையில் கல்லூரி திறந்திருக்கும், அந்தப் பெண்களும் ஏலத்தில் நிற்பார்கள். உங்களால் வாரத்தில் எத்தனை முறை போக முடியும்? இரண்டு முறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு மூன்று பேர்தான் நாற்பது நிமிடம் ஒதுக்குவார்கள் என்றால் வாரத்துக்கு ஆறு பேர். 120 பேருக்கு இருபது வாரம். நவம்பர் கடைசிக்குப் போய்விடும், அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நீங்கள் ஒதுக்கியிருப்பது இரண்டு மாதம்.

அடுத்தது கைடின் மேசை. ஓர் இயலுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் ஆகியிருக்கிறது. உங்கள் திட்டத்தில் எழுதும் நேரம் மட்டும் இருக்கிறது, படிக்கும் நேரம் எங்குமே இல்லை. அக்டோபர் 31-ல் மூன்றாம் இயலைக் கொடுத்தால் நவம்பர் 1-ல் திருத்தத்துடன் வந்துவிடும் என்று அந்தத் தாள் சொல்கிறது. அவர் இனிப் படிக்க வேண்டியவை ஐந்து இயல்கள். பன்னிரண்டு வாரத்தை நான்கு வாரமாகக் குறைத்தால்கூட இருபது வாரம் அவருடைய மேசையிலேயே கழியும். எழுதுவதில் நீங்கள் எவ்வளவு வேகம் காட்டினாலும் அந்த இருபது வாரம் குறையாது.

பாஸ்கர் சொன்னது பாதி சரி, இடைவெளி கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் கடைசியில் குவிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. செப்டம்பரில் களவேலை பிந்தினால் 'அதான் நாலு மாசம் இருக்கே' என்று தோன்றும். அக்டோபரிலும் அதே நினைப்பு வரும். ஜனவரியில் பார்த்தால் அந்த நாலு மாதமும் கரைந்திருக்கும், எங்கே கரைந்தது என்று காட்ட ஒரு தடயமும் இருக்காது. 20 சதவீதக் கணக்கும் இங்கே பொருந்தாது. நீங்களே செய்யும் வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தும். கைடு படிப்பது, டிசி உறுப்பினர்கள் ஒரே நாளில் கூடுவது, அலுவலகத்தில் கையெழுத்து வாங்குவது போன்றவை பிந்தினால் ஒரே அடியாக ஆறு வாரம் போகும். வேலை உங்கள் கையை விட்டு இன்னொருவர் கைக்கு மாறுகிற இடத்தில் இடைவெளியை வையுங்கள்.

---

காசிமேடு_ஜான்

நான் பிஎச்டி எல்லாம் இல்ல. எங்கம்மா இருபத்தஞ்சு வருஷமா அங்கதான் மீன் விக்கிறாங்க, அதனால இதுல ரெண்டு வார்த்தை.

அக்கா, ஜூன் 14 ராத்திரி தடை முடிஞ்சு படகு போகும். திரும்பி வந்ததும் மொத ரெண்டு மூணு வாரம் மீன் குவியும், விலை சரியும். அப்போ போய் 'ஒரு நாளைக்கு என்ன கிடைக்குது'ன்னு கேட்டா வர்ற நம்பரு வருஷம் பூரா இருக்கிற நம்பரு கிடையாது. ஜூலை பாதிக்கு மேல போங்க.

இன்னொண்ணு புரட்டாசி. செப்டம்பர் பாதியில ஆரம்பிக்கும். பாதி ஊரு கவிச்சி சாப்பிடாது. எங்கம்மா அந்த மாசம் கூடையைப் பாதியா குறைச்சுடுவாங்க, அந்த மாசம்தான் தண்டல்காரன்கிட்ட புதுசா வாங்குறதும். அந்த மாசத்துல பாதிப் பேரைக் கேட்டுட்டு, ஆகஸ்ட்ல கேட்டவங்களோட கலந்துடாதீங்க.

ஞாயித்துக்கிழமை ஹார்பர் பக்கமே வராதீங்க, யாரும் நின்னு பேச மாட்டாங்க. ஏலம், சில்லறை எல்லாம் முடிஞ்சு பதினொரு மணிக்கு மேல வந்தா தட்டைக் கழுவிட்டு டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஆடி மாசம்னா கூழ் ஊத்துற வேலை இருக்கும், அதையும் பார்த்துக்கோங்க.

---

செல்வி_தண்டையார்பேட்டை

ஜான் தம்பி, புரட்டாசியை நான் கணக்குலயே எடுக்கல. மனசார நன்றி. அப்போ ஜூலை 13-ல ஆரம்பிச்சா செப்டம்பர் நடு வரைக்கும் ஒன்பது வாரம்தான் சுத்தமா இருக்கு.

சார், ஒன்பது வாரத்துல வாரம் ஆறு பேர்னா 54 பேர். பாதிகூட இல்லையே!

---

வியாசர்பாடி_ஓய்வு

ஜான் சொன்னதை எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லியிருக்காது. நன்றி தம்பி.

54-ஐக் கூட்ட வழி இருக்கிறது. வயது, படிப்பு, குடும்பம், வீடு எல்லாம் முதல் சுற்றில் வாங்கிவிட்டீர்கள், அவை இரண்டு மாதத்தில் மாறாது. இரண்டாம் சுற்றுக்கு மாறக்கூடியதை மட்டும் கேளுங்கள்: போன வாரம் எத்தனை நாள் விற்றார், என்ன கிடைத்தது, இப்போது யாரிடம் எவ்வளவு கடன், ஒரு நாளைக்கு எவ்வளவு கட்டுகிறார். ஒரு பக்கத் தாள், பதினைந்து நிமிடம். ஒரு முறைக்கு ஆறு பேர், வாரம் 12 பேர், ஒன்பது வாரத்துக்கு 108.

ஆனால் 108 என்று எழுதாதீர்கள். காய்ச்சல், மழை, ஒரு சாவு, கல்லூரியில் திடீர் ஆய்வுக்குழு என்று இரண்டு வாரம் போகும். ஏழு வாரம், 84 பேர். திட்டத்தில் எழுத வேண்டிய எண் 84. அதற்கு மேல் கிடைப்பது லாபம்.

84-ல் நிறுத்த நேர்ந்தால் எந்த 84 என்பது முக்கியம். எளிதாகக் கிடைப்பவர்களை முதலில் முடித்தால் விடுபடுகிற 36 பேரும் தேடிப் பிடிக்க முடியாதவர்களாக இருப்பார்கள். வியாபாரத்தை விட்டவர்கள், கடனுக்கு அஞ்சி ஒதுங்கியவர்கள் அவர்களில் இருக்கலாம், உங்கள் ஆய்வே அவர்களைப் பற்றியது. அதனால் இப்போதே 120 பெயரையும் சீட்டுக் குலுக்கி ஒரு வரிசை போட்டுவிடுங்கள், அந்த வரிசையில் தேடிப் போங்கள். ஒருவரை மூன்று முறை தேடியும் கிடைக்கவில்லை என்றால் குறித்துவிட்டு அடுத்தவரிடம் போகலாம். முடிவில், கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் முதல் சுற்றுக் கடன் அளவு எப்படி இருந்தது என்று ஓர் அட்டவணை போடுங்கள். தேர்வாளர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்.

---

ராயபுரம்_பாஸ்கர்

கைக்குக் கை மாறுற இடத்துல இடைவெளி, சரி சார், புரிஞ்சது. ஆனா கைடுக்கு 12 வாரம்னு யாராவது திட்டம் போட முடியுமா? 'ரெண்டு வாரத்துல கொடுத்துடுங்க சார்'னு எழுதி வாங்கிட்டா?

---

ஹேமா_திருவொற்றியூர்

வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை, நானும் பகுதி நேரம்தான், நாலாவது வருஷம்.

கைடை எழுதிக் கொடுக்கச் சொல்றது நடக்காது பாஸ்கர் சார். நவம்பர், டிசம்பர்ல செமஸ்டர் விடைத்தாள் திருத்தப் போயிடுவாங்க, ஏப்ரல், மே மறுபடி அதே. என்னோட கைடு அந்த மாசங்கள்ல போனே எடுக்க மாட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வர்ற பிப்ரவரியில மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எங்க பள்ளியில எல்லாருக்கும் டியூட்டி வரும்னு சொல்றாங்க. அப்புறம் மார்ச்ல பொதுத்தேர்வு. என் திட்டத்துல ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஒரு வரிகூட எழுத முடியாதுன்னுதான் போட்டிருக்கேன். அப்போ எட்டு மாசம்தான் ஒரு வருஷம். இப்படிப் போட்டா கமிட்டி ஒத்துக்குமா?

செல்வி, பெண்களுக்கு ரெண்டு வருஷம் கூடுதலா உண்டு, அதனால ரொம்பப் பதறாதீங்க.

---

வியாசர்பாடி_ஓய்வு

ஹேமா அம்மா, உங்கள் திட்டம் நேர்மையானது. பணி ஆணை கைக்கு வந்ததும் அதன் நகலைத் திட்டத்தோடு இணைத்துக் கொடுங்கள், கமிட்டி மறுக்காது.

கூடுதல் இரண்டு ஆண்டு பற்றி ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் பெண் ஆய்வாளர்களுக்கு அந்தத் தளர்வு இருக்கிறது, 2016 விதியிலும் 2022 விதியிலும். ஆனால் தானாக வராது. கெடுவுக்கு முன்பே விண்ணப்பம், கைடின் பரிந்துரை, கட்டணம் எல்லாம் வேண்டும். விண்ணப்பத் தேதி எப்போது என்று செல்வி இப்போதே அலுவலகத்தில் கேட்டு நாட்காட்டியில் குறித்துவைக்கட்டும். காலத்திட்டத்துக்குள் மட்டும் அந்த இரண்டு ஆண்டைக் கொண்டுவர வேண்டாம்.

பாஸ்கர், கைடு படிக்கும் நேரத்தை நாம் குறைக்க முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை. 58 பக்கத்தை மொத்தமாகக் கொடுத்தால் எந்தக் கைடும் 'நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து பார்க்கலாம்' என்று எடுத்து வைப்பார். அந்த நேரம் கிடைக்காது. நானும் எடுத்து வைத்தவன்தான். பதினைந்து பக்கம் வந்தால் அன்று மாலையே முடித்துவிடுவேன். பதினைந்து பக்கமாகக் கொடுங்கள், மேலே மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள். 'பக்கம் 6-ல் வருமானத்தை நாள் கணக்கில் எடுத்தது சரியா' என்பதுபோல, ஆம் இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி.

மீட்டிங்கும் அப்படித்தான். 'மாதம் ஒன்று' என்றால் தேதி தள்ளித் தள்ளி இரண்டு மாதத்துக்கு ஒன்றாகிவிடும். முதல் சனிக்கிழமை, 11 மணி என்று நாளைக் கட்டிவிடுங்கள். ஒரு மீட்டிங்கிலிருந்து எழும்போதே அடுத்த தேதியை அவர் டைரியில் எழுதச் சொல்லுங்கள். அன்று இரவே அரைப் பக்கம் மின்னஞ்சல்: என்ன பேசினோம், என்ன முடிவு, அடுத்து நான் தருவது என்ன, எப்போது. பிப்ரவரியில் அவர் 'இதை ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்டால் ஆகஸ்ட் மின்னஞ்சலைக் காட்டலாம். டிசி அறிக்கை எழுதும்போதும் அந்த மின்னஞ்சல்களே போதும்.

மாத இலக்கை எழுதும் விதத்தையும் மாற்ற வேண்டும். 'நவம்பர்: இயல் 4' என்றால் என்ன பொருள்? தொடங்கினதா, முடித்ததா, திருத்தினதா? எதைக் கொடுத்தீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். 'அட்டவணை 4.1 முதல் 4.6 வரை கைடு கையில்' என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று யாருக்கும் ஐயம் வராது.

---

செல்வி_தண்டையார்பேட்டை

சார், நீங்க சொன்னதை வெச்சுக் கடைசியில இருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன்.

ஜூலை 2027 கெடு. அதுல ஒரு மாசம் தொடவே கூடாதுன்னு விட்டுட்டேன், சமர்ப்பிப்பு ஜூன் முதல் வாரம். அதுக்கு முன்னாடி மே மாசம் சிமிலாரிட்டி ரிப்போர்ட், திருத்தம், பைண்டிங், நோ டியூஸ். ஏப்ரல் கடைசி வாரம் சினாப்சிஸ் டிசி. முழு வரைவையும் கைடு படிக்க மார்ச் முழுக்க. அப்போ முழு வரைவு பிப்ரவரி 28-க்குள்ள அவர் கையில இருக்கணும்.

இந்தப் பக்கம் பார்த்தா களம் செப்டம்பர் 16-ல முடியுது. நடுவுல அஞ்சரை மாசம். அதுல தீபாவளி, மழை, செமஸ்டர் தேர்வுக் கண்காணிப்பு, பொங்கல். டிசம்பர்ல 2023 மிக்ஜாம் புயலுக்கு எங்க தெருவுல தண்ணி வடியவே நாளாச்சு, கரண்டும் இல்ல. அந்த மாதிரி ஒண்ணு வந்தா என்ன செய்யறது?

---

வியாசர்பாடி_ஓய்வு

இதுதான் திட்டம். பின்னோக்கிப் போட்டதும் எது எங்கே நெருக்குகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. நடுவில் இருக்கும் மாதங்களை இப்படி நிரப்பலாம் என்று நினைக்கிறேன்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் களத்துக்குப் போகும் நாட்களைத் தவிர மற்ற மாலைகளில் மூன்றாம் இயலை எழுதுங்கள். அது ஆய்வு முறை. எப்படித் தேர்ந்தெடுத்தோம், எப்படிக் கேட்டோம், யார் மறுத்தார் என்பதெல்லாம் நினைவில் பச்சையாக இருக்கும்போது எழுதினால் இரண்டு வாரத்தில் முடியும். அக்டோபருக்குத் தள்ளினால் குறிப்பேட்டைத் தேட வேண்டிவரும். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பாதி, செப்டம்பர் முதல் சனிக்கிழமை மீதி. அவர் படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் களத்தில் இருப்பீர்கள், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். தரவை அன்றன்று இரவே ஏற்றிவிடுங்கள். மூட்டை கட்டி வைத்தால் செப்டம்பரில் அதற்கே மூன்று வாரம் ஆகும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை மீட்டிங்குக்கு உரைநடை வேண்டாம், அட்டவணைகள் மட்டும். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்த ஒரு மீட்டிங்குக்கு இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அட்டவணை தப்பு என்று நாற்பது பக்கம் எழுதிய பிறகு தெரிந்தால் ஒரு மாதம் போச்சு. அட்டவணையை ஒப்புக்கொண்டுவிட்டால் நான்காம் இயல் அக்டோபர் கடைசிக்குள் அவரிடம் போய்விடும்.

நவம்பரிலும் டிசம்பரிலும் அவர் விடைத்தாளோடு இருப்பார். நான்காம் இயல் எட்டு வாரம் அவரிடமே இருக்கட்டும், திட்டத்திலேயே அப்படி எழுதிவிடுங்கள். அவர் மெதுவாகப் படிக்கிற மாதங்களில் படிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நவம்பரை அரை மாதமாகக் கொள்ளுங்கள், ஐந்தாம் இயலின் தொடக்கம் மட்டும். டிசம்பரில் ஒன்றும் எழுத வேண்டாம். காலியாக விடுங்கள். புயல் வந்தால் அதில் போகும். வராவிட்டால் ஐந்தாம் இயலை முடிப்பீர்கள். கோப்புகளின் நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

ஜனவரி நடுவில் ஐந்தாம் இயல் அவரிடம். பிப்ரவரியில் ஒன்றும் ஆறும் எழுதி முழு வரைவு. சினாப்சிஸ் டிசிக்குத் தேதி கேட்டு உறுப்பினர்களுக்குக் கடிதம் போக வேண்டியதும் பிப்ரவரியிலேயே. ஏப்ரலில் கேட்டால் வெளிக் கல்லூரி உறுப்பினருக்கு மே கடைசியில்தான் நாள் இருக்கும்.

மே மாதத்தில் ஒரு கண்ணி உண்டு. 2018 விதிப்படி சிமிலாரிட்டி 10 சதவீதம் வரை சிக்கல் இல்லை. உங்கள் சொந்தக் கட்டுரை முன்பே வெளியாகியிருந்தால் அதன் வரிகளே ஒத்துப்போவதாகக் காட்டும். அது உங்கள் கட்டுரைதான் என்று கைடு கையெழுத்திட்ட கடிதம் கேட்பார்கள். அவர் அப்போது மறுபடி விடைத்தாள் திருத்தப் போயிருப்பார். ஏப்ரலிலேயே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

---

ராயபுரம்_பாஸ்கர்

சார், டிசம்பர் காலின்னு கமிட்டிக்குக் கொடுக்கிற தாள்லயே போடணுமா? எங்க ஆபீஸ்ல காலியா ஒரு மாசம் காட்டினா மேனேஜர் அதுல வேற வேலையைத் திணிச்சுடுவார். 'இயல் 5 வரைவு: நவம்பர் முதல் ஜனவரி'ன்னு நீட்டி எழுதினா யாருக்கும் தெரியாது.

---

ஹேமா_திருவொற்றியூர்

நான் பாஸ்கர் சார் பக்கம். என் போன டிசியில 'இந்த மாசம் சும்மா இருக்கே, இன்னொரு கட்டுரை எழுதிடுங்க'ன்னு ஒரு உறுப்பினர் சொல்லி, அது மினிட்ஸ்லயும் ஏறிடுச்சு. அந்தக் கட்டுரையாலதான் என் மூணாவது இயல் நிக்குது.

---

வியாசர்பாடி_ஓய்வு

எனக்கு இதில் வேறு கருத்து. நீட்டி எழுதினால் எழுதுகிறவரும் அதை நம்பிவிடுவார், இயல் ஐந்து மூன்று மாதத்தையும் எடுத்துக்கொள்ளும். 'டிசம்பர்: தேர்வுப் பணி, மழைக்கால ஒதுக்கீடு' என்று காரணத்தோடு எழுதினால் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியும், அவர்களும் அதே தேர்வு வேலையில்தான் இருப்பார்கள். ஆனால் ஹேமா சொல்வதுபோல் ஒரு உறுப்பினர் இருந்தால் அது எடுபடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கைடிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. அவரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள்.

இன்னொன்று கேட்டு வையுங்கள். பிந்திப்போனால் எதை விடுவது என்று இப்போதே கைடுடன் பேசி எழுதிவையுங்கள். ஆகஸ்ட் 31 அன்று எத்தனை பேர் முடிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஏழு வாரம் ஆகியிருக்கும். 60-க்குக் கீழே என்றால் அந்த வாரமே முடிவெடுக்க வேண்டும்: எம்.ஏ. மாணவர் ஒருவரைப் பயிற்சி கொடுத்துச் சேர்ப்பதா, ஐந்தாம் இயலுக்காக நீங்கள் வைத்திருக்கும் ஏதாவது ஒன்றைக் கைவிடுவதா என்று. தேதியைத் தள்ளுவது அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது, தள்ளினால் புரட்டாசி.

---

காசிமேடு_ஜான்

அக்கா, ஆள் வேணும்னா வெளியாளைக் கூட்டிட்டு வராதீங்க, தண்டல் கணக்கைப் புது மூஞ்சிகிட்ட சொல்ல மாட்டாங்க. மொத தடவை நீங்க கூடவே வந்து 'இது நம்ம பொண்ணு'ன்னு சொல்லிட்டுப் போங்க. எங்கம்மா உங்களைப் பார்த்தாங்களாம், சிவப்புத் தாள் பேடு வெச்சிருந்த டீச்சராம்மே?

---

செல்வி_தண்டையார்பேட்டை

ஆமா ஜான், அது நான்தான்! அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

நேத்து கைடைப் பார்த்துட்டு வந்தேன். 84-க்கு ஒத்துக்கிட்டார், சீட்டுக் குலுக்கல் வரிசையை மூணாவது இயல்ல தனிப் பத்தியா எழுதச் சொன்னார். ஒரு பக்கத் தாள் தயார், 14 கேள்வி. ஐந்தாம் இயலுக்குன்னு 20 பேர்கிட்ட நீண்ட பேட்டி எடுக்கிறதா இருந்தேன், ஆகஸ்ட் 31-ல எண்ணிக்கை குறைஞ்சா அதை எட்டாக் குறைச்சுக்கலாம்னு அவரே சொன்னார். மின்னஞ்சல்ல எழுதி அனுப்பிட்டேன், 'சரி'ன்னு பதிலும் வந்துடுச்சு.

முதல் சனிக்கிழமை முடியாதாம், அன்னைக்கு அவருக்கு வேற கூட்டம். இரண்டாவது சனிக்கிழமை 10 மணி. அதனால சார் சொன்ன தேதி எல்லாம் ஒரு வாரம் தள்ளும். அட்டவணை மீட்டிங் அக்டோபர் 10. நான்காம் இயலை அக்டோபர் கடைசிக்குள்ள கொடுக்க மூணு வாரம்தான் இருக்கு, அதை நவம்பர் முதல் வாரம்னு மாத்திட்டேன், தீபாவளிக்கு முன்னாடி.

டிசம்பர் காலியைத் தாள்ல காட்டுறதா வேண்டாமான்னு கேட்டேன். 'யோசிச்சுச் சொல்றேன்'னு சொன்னார். இன்னும் சொல்லல. டிசி தேதியும் வரல.

---

வியாசர்பாடி_ஓய்வு

நவம்பர் முதல் வாரம் சரிதான், எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் புத்தாண்டுக்குத் திரும்பும். ஐந்தாம் இயலைக் கொடுப்பதற்கு முன் அந்தத் திருத்தங்களைப் பார்க்க இரண்டு வாரம் இருக்கும். டிசி தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், 13-ஆம் தேதி களத்துக்குப் போய்விடுங்கள்.

---

ஹேமா_திருவொற்றியூர்

செல்வி, அந்த அரைப் பக்க மின்னஞ்சலை எப்படி எழுதினீங்கன்னு பேர் எல்லாம் எடுத்துட்டு இங்க போட முடியுமா? என் கைடுக்கும் அதே மாதிரி அனுப்பிப் பார்க்கிறேன்.

---

செல்வி_தண்டையார்பேட்டை

போடுறேன் ஹேமா. இப்படித்தான் எழுதினேன்:

'வணக்கம் சார். இன்று பேசியதில் முடிவானவை: இரண்டாம் சுற்றில் குறைந்தது 84 பேர், குலுக்கல் வரிசைப்படி. தாளில் 14 கேள்வி, கேள்வி 9-ல் தண்டலும் நகை அடகும் தனித்தனியாக. ஆகஸ்ட் 31-ல் 60-க்குக் கீழ் என்றால் நீண்ட பேட்டி 20-லிருந்து 8. நான் தர வேண்டியது: ஆகஸ்ட் 8 மீட்டிங்குக்கு மூன்று நாள் முன்பாக இயல் 3-ன் முதல் 15 பக்கம். தங்களிடம் கேட்டது: டிசம்பர் ஒதுக்கீட்டைக் காட்டுவது பற்றி. ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள் சார்.'